வரச் சொன்னார், காக்க வைத்தார்: ஸே, டெல், மேக், டூ நான்கையும் பிழையில்லாமல் பேசும் வழி

தமிழில் ‘சொல்’ என்ற ஒரே வினை செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ஸே, டெல் என்ற இரண்டு வினைகள் பிரித்துக்கொள்கின்றன. ‘செய்’, ‘பண்ணு’ என்று நாம் சொல்லும் இடங்களை மேக், டூ இரண்டும் பிரித்துக்கொள்கின்றன. கொழும்பில் ஒபிஸிலும் வங்கியிலும் கிளினிக்கிலும் தமிழ் பேசுவோரின் ஆங்கிலத்தில் ‘ஹீ டோல்ட் டு மீ’, ‘ஷீ ஸெட் மீ டு கம்’, ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ போன்ற வாக்கியங்கள் அடிக்கடி காதில் விழும். மூன்றும் பிழை. ஆனால் பேசுபவருக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாததால் அவை வரவில்லை. உள்ளே ஓடும் தமிழ் வாக்கியம் அப்படியே வெளியே வருவதால்தான் வருகின்றன.

அதனால் இந்த வழிகாட்டி தமிழ் வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறது. ‘வந்ததாக எனக்குச் சொன்னார்’, ‘வரச் சொன்னார்’, ‘வர வைத்தார்’ ஆகிய மூன்றும் மூன்று வடிவங்கள். எந்த ஆங்கில வினை வேண்டும் என்பதை அந்த வடிவமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கீழே ஆங்கில வாக்கியங்களைப் பேசும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நெடிலாக ‘டூ’ என்று வந்தால் அது செய்வதைக் குறிக்கும் வினை. குறிலாக ‘டு’ என்று வந்தால் அது சொற்களை இணைக்கும் சின்னச் சொல். இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வினைக்கு அடுத்த சொல் ஆளா என்று பாருங்கள்

டெல் என்ற வினைக்கு உடனே பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். மீ, யூ, ஹிம், ஹேர், அஸ், தெம் இவற்றில் ஒன்றோ, ஒருவரின் பெயரோ, ‘மை மதர்’ போன்ற உறவோ வரலாம். இடையில் எதுவும் நுழையக் கூடாது.

‘ஷீ டோல்ட் மீ.’ எனக்குச் சொன்னாள்.
‘ஐ டோல்ட் த டிரைவர்.’ டிரைவருக்குச் சொன்னேன்.
‘டோன்ட் டெல் மை மதர்.’ அம்மாவுக்குச் சொல்லாதீங்க.

‘எனக்கு’, ‘அம்மாவுக்கு’ என்று தமிழில் வரும் அந்த ‘கு’தான் இங்கே ஆளைப் பிழையில் மாட்டுகிறது. ‘கு’ என்றால் ‘டு’ என்று பள்ளிக்கூடத்தில் பழகியிருப்போம். அதனால் ‘டோல்ட் டு மீ’ என்று வாய் தானாகப் போகும். டெல்லில் அந்த ‘கு’ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. மறுபடி சேர்க்கத் தேவையில்லை.

ஸே இதற்கு நேர் எதிர். அதன் பின்னால் ஆள் நேரடியாக வராது. சொன்ன விஷயம்தான் வரும். ஆளையும் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அங்கே ‘டு’ வேண்டும்.

‘ஷீ ஸெட் த பஸ் வோஸ் லேட்.’ பஸ் பிந்திவிட்டது என்று சொன்னாள்.
‘ஹீ ஸெட் நோ.’ இல்லை என்றார்.
‘வட் டிட் ஹீ ஸே டு யூ?’ உங்களுக்கு என்ன சொன்னார்?

ஒரே செய்தியை இரண்டு விதமாகவும் சொல்லலாம். ‘ஷீ ஸெட் த பஸ் வோஸ் லேட்’, ‘ஷீ டோல்ட் மீ த பஸ் வோஸ் லேட்’ இரண்டும் சரியே. இரண்டையும் கலந்து ‘ஷீ ஸெட் மீ த பஸ் வோஸ் லேட்’ என்பதுதான் பிழை. யாருக்குச் சொன்னார் என்பது முக்கியமில்லாதபோது ஸெட் போட்டு முடிப்பது எளிது. அன்றாடப் பேச்சில் ‘ஸெட் டு மீ’ என்பதைவிட ‘டோல்ட் மீ’ இயல்பாக ஒலிக்கும்.

கேள்வியில் இன்னொரு சறுக்கல் இருக்கிறது. ‘என்ன சொன்னார்?’ என்பதை ‘வட் டிட் ஹீ டெல்?’ என்று கேட்பார்கள். டெல் ஆள் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. ‘வட் டிட் ஹீ ஸே?’ என்று கேளுங்கள், அல்லது ஆளைச் சேர்த்து ‘வட் டிட் ஹீ டெல் யூ?’ என்று கேளுங்கள். டிட் வந்த பிறகு ஸெட், டோல்ட் வராது. இறந்த காலத்தை டிட் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

‘பற்றி’ வரும் இடத்திலும் கவனம் வேண்டும். ‘சம்பளத்தைப் பற்றிச் சொன்னார்’ என்பதற்கு ‘ஹீ ஸெட் அபௌட் த சேலரி’ என்பது சரியில்லை. ‘ஹீ டோல்ட் மீ அபௌட் த சேலரி’ என்பதே சரி.

உச்சரிப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஸே என்பது நெடில்தான். ஆனால் அவன், அவள், அது என்று வரும்போது ‘ஸேய்ஸ்’ என்று நீளாது, ‘ஸெஸ்’ என்று குறுகும். இறந்த காலம் ‘ஸெட்’. எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் இரண்டையும் நீட்டிவிடுவார்கள். எழுத்தில் உள்ளதைச் சொல்லவும் ஸேதான் உதவும். காலி வீதிக் கடை ஒன்றின் கதவில் ‘பூட்டப்பட்டுள்ளது’ என்று போட்டிருந்தால், ‘த நோட்டிஸ் ஸெஸ் க்ளோஸ்ட்’ என்று சொல்லலாம். தமிழில் ‘போட்டிருக்கு’ என்கிறோம், ஆங்கிலத்தில் நோட்டீஸே பேசுகிறது.

படி 2: ஆள் இல்லாமலே டெல் வரும் சில கூட்டுகள்

பொய், உண்மை, கதை, ஜோக் என்ற நான்கும் டெல்லோடு ஒட்டியவை. ‘டெல் எ லை’, ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஜோக்’. நேரம் பார்க்கத் தெரிவது ‘டெல் த டைம்’. இவற்றுக்குப் பின்னால் ஆளைத் தேட வேண்டாம்.

வாயிலிருந்து அதே சொல்லாக வெளிவருபவை ஸேயோடு போகும். ‘ஸே ஹலோ’, ‘ஸே சொரி’, ‘ஸே தேங்க் யூ’, ‘ஸே யெஸ்’. சொரி சொல்லும்போது ‘சொரி’ என்ற அதே சொல் வாயில் வருகிறது, அதனால் ஸே. பொய் சொல்லும்போது ‘பொய்’ என்ற சொல் வாயில் வருவதில்லை, அதனால் டெல். தடுமாறினால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப்பாருங்கள், மேலே உள்ள எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

படி 3: ‘வரச் சொன்னார்’ என்பதைப் பிரித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பழக நேரமிருந்தால் இந்தப் படியைப் பழகுங்கள். பேச்சில் அதிகம் பிழை விடும் இடம் இதுதான்.

‘வந்ததாகச் சொன்னார்’ என்பது ஒரு செய்தி. ‘வரச் சொன்னார்’ என்பது ஒரு கட்டளை அல்லது வேண்டுகோள். போகச் சொன்னார், தரச் சொன்னார், இருக்கச் சொன்னார் என்று, ‘வந்ததாக’ போல் இல்லாமல் ‘வர’, ‘போக’ போன்ற வடிவத்தோடு ‘ச்’ ஒட்டி வரும் ஒவ்வொன்றும் இந்த வகைதான். இதற்கு எப்போதும் டெல்லை எடுங்கள். அமைப்பு இதுதான்: டெல், உடனே ஆள், பிறகு ‘டு’, பிறகு வினை.

‘ஹீ டோல்ட் மீ டு கம்.’ என்னை வரச் சொன்னார்.
‘டெல் ஹேர் டு வெயிட்.’ அவரை நிற்கச் சொல்லுங்க.
‘ஐ டோல்ட் தெம் டு சென்ட் த பில்.’ பில்லை அனுப்பச் சொன்னேன்.

கடைசி வாக்கியத்தின் தமிழைப் பாருங்கள். ‘பில்லை அனுப்பச் சொன்னேன்’ என்பதில் யாரிடம் சொன்னேன் என்பதே இல்லை. தமிழுக்கு அது குறையில்லை, கேட்பவருக்கு விளங்கும். டெல்லுக்கு அது போதாது. மறைந்திருக்கும் ஆளை வெளியே இழுத்துக்கொண்டு வந்து டெல்லின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஆகவே வாயைத் திறக்கு முன் ‘யாரை?’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்தவுடன் வாக்கியம் தானாக அமைந்துவிடும்.

‘ஹீ ஸெட் டு கம்’ என்று ஆங்கிலேயர்களே பேச்சில் சொல்வதுண்டு. அது பிழையில்லை. ஆனால் அதில் ஆளை நுழைக்க முடியாது. ‘ஹீ ஸெட் மீ டு கம்’ எந்த இடத்திலும் சரிவராது.

இனி மறுப்பு. ‘போக வேண்டாம் என்று சொன்னார்’ என்பதில் ‘என்று’ இருப்பதால் மனம் ஸெட் பக்கம் சாயும், ‘ஹீ ஸெட் மீ தட் டோன்ட் கோ’ என்று வரும். பொருளைப் பார்த்தால் இதுவும் கட்டளைதான், தமிழில் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. எனவே டெல், ஆள், பிறகு ‘நொட் டு’, பிறகு வினை: ‘ஹீ டோல்ட் மீ நொட் டு கோ.’

‘டு’ இரண்டு வேலை செய்வதையும் கவனித்திருப்பீர்கள். ஸேயோடு வரும் ‘டு’வுக்குப் பின்னால் ஆள் வருகிறார்: ‘ஸெட் டு மீ’. டெல்லோடு வரும் ‘டு’வுக்குப் பின்னால் வினை வருகிறது: ‘டோல்ட் மீ டு கம்’. பேசி முடித்த பிறகு சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின்னால் என்ன வந்தது என்று திரும்பிப் பாருங்கள்.

படி 4: ‘வைத்தார்’ என்றால் மேக்

‘காக்கச் சொன்னார்’ என்பதற்கும் ‘காக்க வைத்தார்’ என்பதற்கும் வேறுபாடு நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். முதலாவதில் சொன்னதோடு முடிகிறது, நாம் காக்காமலும் போயிருக்கலாம். இரண்டாவதில் நாம் காத்தே விட்டோம். ஆங்கிலத்தில் இந்த ‘வைத்தார்’ மேக் ஆகிறது.

‘தே டோல்ட் மீ டு வெயிட்.’ காக்கச் சொன்னார்கள்.
‘தே மேட் மீ வெயிட்.’ காக்க வைத்தார்கள்.

இரண்டாவது வாக்கியத்தில் ‘டு’ இல்லை. ‘தே மேட் மீ டு வெயிட்’ என்பது மிகப் பரவலான பிழை, டெல் பழக்கத்தில் வருவது. இரண்டையும் சோடியாகச் சத்தமாகச் சொல்லிப் பழகுவதே நல்ல மருந்து. டோல்ட் மீ டு சைன், மேட் மீ சைன். டோல்ட் அஸ் டு ஸ்டாண்ட், மேட் அஸ் ஸ்டாண்ட். டோல்ட் ஹிம் டு பே, மேட் ஹிம் பே.

சிரிக்க வைத்தார், அழ வைத்தார் என்பதும் இதே அமைப்பு: ‘ஷீ மேட் மீ லாஃப்.’ வினைக்குப் பதில் ஒரு நிலையும் வரலாம்: ‘இட் மேட் மீ டயர்ட்’, அது என்னைக் களைக்க வைத்துவிட்டது. டூ இந்த இடங்களுக்கு ஒருபோதும் வராது.

படி 5: ‘பண்ணு’ என்பதை முதலில் கழற்றிப் பாருங்கள்

மேக்கா டூவா என்று யோசிக்கு முன், இரண்டும் தேவையா என்று கேட்க வேண்டும். ஆங்கிலச் சொல்லை எடுத்துப் ‘பண்ணு’வை ஒட்டிப் பேசுவது நமது வழக்கம்: ட்ரை பண்ணு, ஹெல்ப் பண்ணு, புக் பண்ணு, கென்சல் பண்ணு. இவற்றில் முன்னால் உள்ள சொல்லே முழு வினை. பண்ணுவைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது. ‘ஐ ட்ரைட்.’ ‘கேன் யூ ஹெல்ப் மீ?’ ‘ஐ புக்ட் டூ சீட்ஸ்.’ இங்கே ‘டூ’ என்று ஒலிப்பது இரண்டு என்ற எண். ‘ஐ டிட் ட்ரை’ என்பது பிழையில்லை என்றாலும் ‘நான் முயற்சி செய்யவேயில்லை என்கிறீர்களா, செய்தேன்’ என்று அழுத்திச் சொல்வதாகிவிடும். சாதாரணப் பதிலுக்கு அது கூடிப்போகும்.

கழற்றிய பிறகு மிஞ்சுவது ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால்தான் மேக், டூ என்ற கேள்வியே வருகிறது.

‘கோல் எடுக்கிறது’ தனியாகச் சொல்ல வேண்டியது. இலங்கையில் ‘கோல் எடுக்கிறேன்’ என்றால் நான் அழைக்கிறேன் என்று பொருள், அதை அப்படியே ‘ஐ வில் டேக் எ கோல்’ என்கிறோம். கொழும்புக்குள் அது விளங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து பேசுபவருக்கு ‘டேக் எ கோல்’ என்றால் வந்த அழைப்பை ஏற்றுப் பேசுவது. அவர் உங்கள் அழைப்புக்குக் காத்திருப்பதற்குப் பதில், தானே அழைக்க வேண்டும் என்று நினைத்துவிடலாம். நீங்கள் அழைப்பதென்றால் ‘ஐ வில் மேக் எ கோல்’, அதைவிட எளிதாக ‘ஐ வில் கோல் யூ’.

படி 6: மேக், டூ பிரிக்கும் சோதனை

முன்பு இல்லாத ஒன்று செய்து முடித்தபின் உருவாகியிருந்தால் மேக். ஒரு வேலையை, கடமையைச் செய்து முடித்தோம், புதிதாக எதுவும் உருவாகவில்லை என்றால் டூ.

தேநீர், சம்பல், கேக், லிஸ்ட் எல்லாம் மேக். கையில் பிடிக்க முடியாதவையும் இதில் சேரும். பிழை விட்டால் பிழை ஒன்று உருவாகிறது: ‘ஐ மேட் எ மிஸ்டேக்’. சத்தம், முடிவு, திட்டம், வாக்குறுதி, முறைப்பாடு, அப்பொயின்ட்மென்ட் எல்லாம் அப்படித்தான். ‘டோன்ட் மேக் எ நொய்ஸ்.’ ‘வீ மேட் எ டிசிஷன்.’

ஹோம்வேர்க், வீட்டு வேலை, பாத்திரம் கழுவுவது, பாடநெறி, பரீட்சை, உடற்பயிற்சி எல்லாம் டூ. ‘ஐ டிட் த டிஷஸ்.’ ‘ஷீ இஸ் டூயிங் எ கோர்ஸ்.’ பரீட்சை ‘எழுதுகிறேன்’ என்பதை ‘ரைட் அன் எக்ஸாம்’ என்று மாற்ற வேண்டாம். ‘டூ அன் எக்ஸாம்’, ‘ஸிட் அன் எக்ஸாம்’, ‘டேக் அன் எக்ஸாம்’ மூன்றும் நல்லவை.

சமையலறை இந்தச் சோதனையை நன்றாகக் காட்டும். அங்கே நிற்கும் ஒருவரிடம் ‘வட் ஆ யூ மேக்கிங்?’ என்றால் என்ன சமைக்கிறீங்க என்று பொருள். ‘வட் ஆ யூ டூயிங்?’ என்றால் என்ன செய்துகொண்டிருக்கிறீங்க என்று பொருள். கறி வைத்தால் ‘மேக் எ கறி’. சமையல் என்ற வேலையைப் பொறுப்பெடுத்தால் ‘டூ த குக்கிங்’. இதே போல ‘டூ த ஷொப்பிங்’, ‘டூ த வொஷிங்’, ‘டூ த அயனிங்’. ‘த’ வந்து ‘இங்’கில் முடியும் வீட்டு வேலை எல்லாமே டூ என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதனை பொருந்தாத இடங்களும் உண்டு. படுக்கையை விரித்து ஒழுங்காக்குவது ‘மேக் த பெட்’, புதிதாக எதுவும் உருவாகாவிட்டாலும். உதவி ‘டூ மீ எ ஃபேவர்’. வியாபாரம் ‘டூ பிஸ்னஸ்’, அதில் வரும் பணம் ‘மேக் மணி’. புறக்கோட்டையில் கடை நடத்துபவர் டூயிங் பிஸ்னஸ், இலாபம் வந்தால் மேக்கிங் மணி. இப்படிப்பட்டவற்றைச் சோதித்துக் கண்டுபிடிக்க முயலாமல் முழுக் கூட்டாகவே மனதில் ஏற்றுங்கள். ‘மிஸ்டேக்’ என்று தனியாகப் படிக்காமல் ‘மேக் எ மிஸ்டேக்’ என்று மூன்று சொல்லாகப் படித்தால், பேசும்போது தேட வேண்டியிருக்காது.

கேள்வியில் டூ இரண்டு தரம் வரும். ‘டிட் யூ டூ த ஹோம்வேர்க்?’ என்பதில் டிட் கேள்விக்கானது, டூ வேலைக்கானது. ஒன்றே போதும் என்று ‘டிட் யூ த ஹோம்வேர்க்?’ என்று கேட்டால் வாக்கியத்தில் வினையே இல்லாமல் போய்விடும்.

ஒரு முழு உரையாடலைக் கட்டிப்பார்ப்போம்

கொள்ளுப்பிட்டி ஒபிஸ் ஒன்றில் வேலை செய்பவர், முதல் நாள் லீவு போட்டு அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். மேலாளர் ஆங்கிலத்தில் விசாரிக்கிறார். சொல்ல வேண்டியவை தமிழில் இவை:

டொக்டர் ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர். பதினொரு மணி மட்டும் காக்க வைச்சிட்டாங்க. ஒரு பிளட் டெஸ்ட் செய்தாங்க. பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னவர். அம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னவர். அடுத்த மாதத்துக்கு நம்பர் எடுத்திட்டோம்.

முதல் வாக்கியத்தில் ‘வரச் சொன்னவர்’ இருக்கிறது, எனவே டெல். யாரை? எங்களை. ‘த டொக்டர் டோல்ட் அஸ் டு கம் அட் நைன்.’

இரண்டாவதில் ‘காக்க வைச்சிட்டாங்க’, எனவே மேக், ‘டு’ இல்லை. ‘பட் தே மேட் அஸ் வெயிட் டில் இலெவன்.’

மூன்றாவதில் டெஸ்ட் என்பது ஒரு வேலை. ‘தே டிட் எ பிளட் டெஸ்ட்.’ ரிப்போர்ட் ஒன்று கையில் வருகிறதே என்று மேக் போட வேண்டாம். பரிசோதனை என்ற செயல்தான் இங்கே சொல்லப்படுகிறது.

நான்காவதில் ‘என்று சொன்னவர்’, கட்டளை இல்லை, ஆளும் இல்லை. ‘ஹீ ஸெட் தேர் வோஸ் நத்திங் டு வொறி அபௌட்.’ ஆளைச் சேர்க்க விரும்பினால் ஸெட்டைத் தூக்கிவிட்டு ‘ஹீ டோல்ட் அஸ்’ என்று தொடங்குங்கள்.

ஐந்தாவதில் ‘குறைக்கச் சொன்னவர்’, மறுபடி டெல். தமிழில் ‘அம்மாவுக்கு’ என்று ‘கு’ இருப்பது ‘டு’வை அழைக்கும், இடங்கொடுக்க வேண்டாம். ‘ஹீ டோல்ட் மை மதர் டு ஈட் லெஸ் சோல்ட்.’

ஆறாவதில் ‘நம்பர் எடுத்திட்டோம்’. ‘வீ டுக் எ நம்பர்’ என்றால் வெளியாளுக்கு வங்கியில் டோக்கன் எடுத்தது போல இருக்கும். உருவானது ஒரு சந்திப்பு, எனவே மேக்: ‘வீ மேட் அன் அப்பொயின்ட்மென்ட் ஃபோர் நெக்ஸ்ட் மன்த்.’

மேலாளர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். ‘டிட் தே ஸே வை?’ என்பார், ஏன் என்று சொன்னார்களா என்று பொருள். பதில் ‘நோ, தே டிட்ன்ட் ஸே’ அல்லது ‘நோ, தே டிட்ன்ட் டெல் அஸ்’. முதலாவதில் ஆள் இல்லை, இரண்டாவதில் உண்டு. ‘தே டிட்ன்ட் டெல்’ என்று நிறுத்தினால் அவர் அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார்.

இதே கதையில் யார் காக்க வைத்தார்கள் என்பதைச் சொல்ல விரும்பாமல், ‘நாங்கள் காக்க வைக்கப்பட்டோம்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டி வரலாம். அப்போது மட்டும் மேக்கில் ‘டு’ திரும்பி வருகிறது: ‘வீ வேர் மேட் டு வெயிட்.’ டெல்லில் மாற்றமில்லை: ‘வீ வேர் டோல்ட் டு வெயிட்.’ ‘வேர் மேட்’, ‘வோஸ் மேட்’ என்று வந்தால் ‘டு’ போடுங்கள். வெறும் ‘மேட்’ என்றால் விட்டுவிடுங்கள்.